பதினொன்றா, இருபத்தொன்றா? கல்வெட்டுப் படத்தைப் பெயர்த்தெழுதும்போது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் கோயில் சுவரில் எழுத்தைக் கண்டால் உடனே செல்போனில் படமெடுத்து, படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் பதிலும் வந்துவிடுகிறது: இன்ன அரசன், இன்ன ஆண்டு, இன்னார் விளக்குக்கு ஆடு கொடுத்தார். அந்தப் பதிலில் எந்த எழுத்து கல்லில் கண்ணுக்குத் தெரிந்தது, எந்த எழுத்தைப் படித்தவர் தம் அனுபவத்தால் நிரப்பினார் என்பது மட்டும் தெரிவதில்லை. இரண்டும் ஒரே வரியில் ஒரே மாதிரி நிற்கின்றன. அடுத்தவர் அதை நகலெடுத்துப் போடும்போது ஊகமும் கல்லில் வெட்டியதாகிவிடுகிறது.

தேய்ந்த எழுத்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே நாம் நின்று யோசிப்போம். சரளமாகப் படித்துக்கொண்டு போகிற இடத்தில்தான் பிழை அதிகம் நுழைகிறது. கோயில் கல்வெட்டின் வாசகம் பெரும்பாலும் வாய்பாடு. நாலு கல்வெட்டு படித்தவருக்கு ஐந்தாவதில் அடுத்த சொல் என்னவென்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தபின் கண் கல்லைப் பார்க்காது.

ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எந்தக் கோயிலிலும் உள்ள வரி அல்ல. மூன்றாம் குலோத்துங்கன் காலத்து நடையில், விளக்கத்துக்காக நான் கோத்தது. கல்லில் இருக்கும் விதத்திலேயே, புள்ளியில்லாமல் தருகிறேன்:

ஸ்வஸ்தி ஸ்ரீ மதுரையும ஈழமும கருவூரும பாணடியன முடிததலையுங கொணடருளின ஸ்ரீகுலொததுஙக சொழதெவறகு யாணடு [.] ௰௧ ஆவது

"யாண்டு" என்பதற்குப் பிறகு ஓரிடத்தில் கல் சில்லு பெயர்ந்திருக்கிறது. அதைத் தாண்டி ௰௧ என்ற எண் தெளிவாக இருக்கிறது. அந்தக் காலத்தில் பதினொன்றை ௰௧ என்றும், இருபத்தொன்றை ௨௰௧ என்றும் எழுதுவார்கள். இரண்டு, பத்து, ஒன்று என்று மூன்று குறி. ஆக, சில்லு பெயர்ந்த இடத்தில் ஒரு ௨ இருந்திருந்தால் இருபத்தொன்று. ஒன்றுமே இல்லாமல் இருந்தால் பதினொன்று. ௩ இருந்திருந்தால் முப்பத்தொன்று. ஒரு குறியில் இருபது ஆண்டு முன்னே பின்னே போகிறது.

முதலில் படத்தைப் பற்றி. வெட்டெழுத்தை நாம் பார்ப்பது நிழலால்தான். வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்தால் பள்ளத்தில் நிழல் இல்லை, எழுத்தும் இல்லை. செல்போன் பிளாஷ் செய்வது அதைத்தான். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரவேண்டும். கிழக்குச் சுவருக்கு உச்சிவேளைக்குச் சற்று முன்பும், மேற்குச் சுவருக்கு உச்சி சாய்ந்தவுடனும் வெயில் அப்படி வரும். வடக்குச் சுவரை வெயிலுக்கு நம்ப முடியாது. போர்வையைப் பிடித்து நிழல் கட்டி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கவேண்டியதுதான்.

இதுவரை எல்லாரும் சொல்வது. பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெளிச்சம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதே திசையில் ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் படுக்கைக் கோடுகள் மங்கிவிடும்: க, ச, த ஆகியவற்றின் தலைக்கோடு, ௨-இன் அடிக்கோடு. மேலிருந்து அடித்தால் நிற்கும் கோடுகள் போய்விடும்: கால், ரகரம், ப-வின் இரு பக்கங்கள். ஒரே படத்தை வைத்துக்கொண்டு "இங்கே கோடு இல்லை" என்று சொல்லிவிடவே முடியாது. ஐயமான இடத்துக்கு மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்று காமிராவை அசைக்காமல் வெளிச்சத்தை மட்டும் மாற்றி எடுத்தால்தான் எழுத்து முழுதாகக் கிடைக்கும். வேறொருவர் எடுத்த படம் என்றால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கீழிருந்து வந்திருந்தால் பள்ளமான எழுத்து புடைத்துத் தெரியும். கல்லின் புடைப்பு பள்ளமாகத் தெரியும். அப்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துப் பள்ளம் மேட்டைத் தெளிந்துகொண்டு, பிறகு நேராக்கிப் படிக்கவேண்டும்.

சுண்ணாம்புப் பொடி, மாவு, சாக்பீஸ் தடவி எழுத்தை எடுப்பாகக் காட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கல்லுக்குக் கேடு என்பது ஒருபுறம். தடவுகிறவர் தாம் படித்த எழுத்தைத்தான் தடவுவார். படம் பார்க்கிறவர் அவருடைய பாடத்தைப் பார்ப்பாரே தவிர கல்லைப் பார்க்கமாட்டார். தண்ணீர் தெளித்தால் பல நேரம் எழுத்து துலங்கும், அது போதும்.

இனி அந்த வரி. முதலில் அதே கல்லில் தெளிவாக உள்ள எழுத்துகளை வெட்டியெடுத்து ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும். க இப்படி, த இப்படி, ந இப்படி, எண்கள் இப்படி. அச்சிட்ட எழுத்து வளர்ச்சி அட்டவணைகள் நூற்றாண்டுக்கு ஒரு வடிவம் காட்டும். கல்தச்சன் அட்டவணை பார்த்து வெட்டவில்லை. ஒரே ஆண்டில் ஒருவர் வளைத்து வெட்டுவார், இன்னொருவர் கோணலாக வெட்டுவார். மங்கலான எழுத்தை அதே கையின் தெளிவான எழுத்தோடு ஒப்பிடுவதே நம்பகமானது. அட்டவணை அதற்குப் பிறகுதான்.

இந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில் மூன்று விஷயம் கண்ணை ஏமாற்றும். ஒன்று, புள்ளி இல்லை. "பாணடியன" என்பதில் எது மெய், எது உயிர்மெய் என்று நாம்தான் முடிவு செய்கிறோம். இரண்டு, எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இல்லை. குறிலுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னாலும் கல்லில் அதைப் பெரும்பாலும் காணமுடியாது. ஆகவே "சொழதெவறகு" என்றிருப்பது சோழதேவற்கு. மூன்று, ரகரமும் காலும் ஒரே கோடு. ம, அடுத்து இரண்டு கோடு, பிறகு ன என்றிருந்தால் மாரன் என்று படித்துவிட்டுப் போவோம். மரான் என்றாலும் கல்லில் அதே கோடுகள்தான்.

ஓலைச்சுவடியிலும் இந்த மூன்றும் அப்படியே உண்டு. புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பார்கள். சுவடியைப் படமாகப் பார்க்கும்போது இன்னொரு தொல்லை கூடுகிறது: பூச்சி துளைத்த ஓட்டை புள்ளியாகத் தெரியும். துளை மறுபக்கத்துக்கும் போகிறதா என்று பின்பக்கப் படத்தில், இடவலம் மாற்றி, அதே இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் படமில்லாத ஏட்டில் புள்ளியைப் பற்றி அழுத்திப் பேசாமல் இருப்பது நல்லது.

சொல் பழகியதாக இருக்கும்வரை இந்த மூன்றும் பெரிய தடை இல்லை. "கொணடருளின" என்பதை யாரும் கோண்டருளின என்று படிக்கப்போவதில்லை. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வரும்போதுதான் கதை மாறுகிறது; அங்கே வாய்பாடு உதவாது. ஓசூரின் பழம்பெயரைச் செவிடபாடி என்கிறோம். அந்த முதலெழுத்து செ-வா சே-யா என்று கொம்பை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. பெயரை விளக்க எவ்வளவோ கதை கட்டலாம். கல் அந்தக் கதைக்குச் சாட்சி சொல்லாது. உள்ளூர்ப் பெயரைப் பெயர்த்தெழுதும்போது கல்லில் உள்ள வடிவத்தை முதலில் அப்படியே எழுதி, நாம் படிக்கும் விதத்தைப் பக்கத்தில் தனியாக எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதே போல "தேவற்கு" என்பதைத் "தேவருக்கு" என்று திருத்தக்கூடாது. அது பிழை இல்லை, அக்காலக் கல்வெட்டு வழக்கு.

சில்லு பெயர்ந்த இடத்துக்கு வருவோம். முதல் கேள்வி, கல் எப்போது பெயர்ந்தது? எழுத்து வெட்டுவதற்கு முன்பே பெயர்ந்திருக்கலாம். அப்படியானால் தச்சன் அந்த இடத்தைத் தாண்டி வெட்டியிருப்பான். இருபுறமும் உள்ள எழுத்துகள் முழுதாக இருக்கும். வெட்டியபிறகு பெயர்ந்திருந்தால் விளிம்பில் ஏதோ ஒரு கோடு பாதியில் அறுந்திருக்கும். நம் மாதிரி வரியில் பள்ளத்தின் கீழ் விளிம்பில் ஒரு சிறு படுக்கைக் கோடு அறுந்து நிற்கிறது என்று கொள்வோம். அது உளி வெட்டா, கல்லின் வெடிப்பா? உளிக்கோடு ஏறக்குறைய ஒரே ஆழத்தில் ஓடி ஒரு முடிவுக்கு வரும். வெடிப்பு ஆழம் மாறிக்கொண்டே போகும், வரியைத் தாண்டி மேலேயோ கீழேயோ ஓடும். ஆகவே நெருங்கிய படத்தை மட்டும் பார்க்காமல் விலகிய படத்தில் அந்தக் கோட்டைத் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

இரண்டாவது, இடம். அந்த வரியில் தெளிவான பத்து எழுத்து 38 சென்டிமீட்டர் பிடிக்கிறது என்றால் ஓர் எழுத்துக்குச் சராசரி 3.8. பெயர்ந்த இடம் 4 சென்டிமீட்டர். ஒரு குறிக்கு இடம் உண்டு, இரண்டுக்கு இல்லை. படத்தில் அளவுகோல் வைக்காமல் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. ஒரே படத்துக்குள் விகிதம் கிடைக்கும். சாய்வாக எடுத்த படத்தில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

அறுந்த கோடும் இடமும் சேர்ந்து, அங்கே ஒரு குறி இருந்தது என்று சொல்லுகின்றன. எனவே பதினொன்று தளர்கிறது. மிச்சம் இருப்பவை ௨, ௩. அதே கல்லில் வேறிடத்தில் இந்த எண்கள் வந்திருந்தால் அறுந்த கோட்டை அவற்றோடு ஒப்பிடலாம். நாற்பத்தொன்று இருக்கலாமே என்று கேட்பவருக்கு: மூன்றாம் குலோத்துங்கன் 1178-இல் பட்டத்துக்கு வந்து 1218 வரை ஆண்டவன், அது விளிம்பில் நிற்கும் ஆண்டு, வலுவான காரணம் இல்லாமல் எடுக்கமுடியாது.

இவன் மூன்றாம் குலோத்துங்கன்தான் என்று எப்படித் தெரியும்? வெறும் "குலோத்துங்க சோழதேவற்கு" என்று மட்டும் இருந்திருந்தால் தெரியாது. முதலாம் குலோத்துங்கன் 1070 முதல் 1122 வரை ஆண்டவன். அவனுக்குப் பதினொன்றும் உண்டு, இருபத்தொன்றும் உண்டு. இரண்டாம் குலோத்துங்கன் 1133 முதல் 1150 வரை. அவனுக்குப் பதினொன்று உண்டு, இருபத்தொன்று கிடையாது. இங்கே நமக்குக் கைகொடுப்பது பெயருக்கு முன்னால் உள்ள தொடர். மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் மூன்றாமவன். அதிலும் கருவூர் சேர்வது 1190களில்தான். பதினோராம் ஆண்டு என்பது 1188–89. அப்போது "கருவூரும்" என்று வெட்ட வழியில்லை. ஆக, கல்லின் சாட்சியும் வாசகத்தின் சாட்சியும் ஒரே பக்கம் நிற்கின்றன: 1198–99 அல்லது 1208–09.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வாதம் முழுவதும் "கருவூரும்" என்ற சொல் உண்மையில் கல்லில் இருப்பதைப் பொறுத்தது. அந்தச் சொல்லும் தேய்ந்திருந்து, மற்ற கல்வெட்டுகளில் இருப்பதால் நாமே நிரப்பியிருந்தால், நாம் நிரப்பிய சொல்லை வைத்து நாம் விரும்பிய ஆண்டை நிறுவியவர்கள் ஆகிறோம். பெயர்த்தெழுதும்போது அடைப்புக்குறி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஐயமான எழுத்து சதுர அடைப்புக்குள். முற்றிலும் அழிந்து நாம் சேர்த்ததற்கு உடுக்குறியோடு அடைப்பு. எத்தனை எழுத்து என்று தெரிந்து அழிந்ததற்கு அத்தனை புள்ளி. எத்தனை என்றே தெரியாவிட்டால் சிறு கோடுகள். பதிப்புக்குப் பதிப்பு குறி கொஞ்சம் மாறும். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் போதும்.

இருபத்தொன்றா முப்பத்தொன்றா என்பதைத் தீர்க்க இன்னொரு வழி சில கல்வெட்டில் கிடைக்கும். "கடக நாயற்றுப் பூர்வ பக்ஷத்து" என்று தொடங்கி, திதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் சொல்லியிருந்தால் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணையில் இரண்டு ஆண்டையும் போட்டுப் பார்க்கலாம். மூன்றும் ஒன்றில் பொருந்தி மற்றதில் பொருந்தாவிட்டால் நல்ல சான்று. கிழமை மட்டும் பொருந்துவது சான்று ஆகாது. ஏழில் ஒருமுறை தற்செயலாகவே பொருந்தும்.

வாய்பாடு எவ்வளவு உதவும், எங்கே கெடுக்கும் என்பதற்குக் கொடைப் பகுதி நல்ல உதாரணம். அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு கொடுப்பது வழக்கம். எண் தேய்ந்து ௯௰-ஆ ௬௰-ஆ என்று குழம்பினால், கை தானாகத் தொண்ணூறு என்று எழுதும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அரை விளக்குக்கும், சந்தி விளக்குக்கும், ஆட்டுக்குப் பதில் பசு, காசு என்றும் கொடை உண்டு. வழக்கத்துக்கு மாறான ஒன்றை அந்த ஊரார் செய்திருந்தால், அதைச் சொல்லும் ஒரே சாட்சி அந்த எழுத்துதான். நாம் அதை வழக்கத்துக்குள் தள்ளி மூடிவிடுகிறோம்.

பழைய தகடூர்ப் பகுதியான இந்தத் தருமபுரிப் பக்கத்தில் நிறைய உள்ள நடுகற்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. பல்லவர் காலத்து நடுகற்கள் பல வட்டெழுத்தில் உள்ளவை. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் நெருங்கிய வடிவங்கள். ஒரு சிறு வளைவு தேய்ந்தால் ஒன்று மற்றதாகிவிடும். "வாணகோ அரைசர்" என்பதை நாம் தடுமாறாமல் படிப்பது வாணர் என்ற மரபை முன்பே அறிந்திருப்பதால். "தொறுக் கொண்ட", "பட்டான் கல்" ஆகியவையும் அப்படியே. மாட்டு மந்தையை மீட்கப்போய்ச் செத்தவனின் பெயர் எங்கும் வேறு கல்லில் வராது. அந்தப் பெயரில் ப–வ ஐயம் இருந்தால் இரண்டையும் எழுதிவைப்பதுதான் நேர்மை. இந்தக் கற்கள் பலவும் வேடியப்பனாக வழிபாட்டில் இருப்பவை. எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்துப் பள்ளம் தூர்ந்திருக்கும். சுரண்டக்கூடாது. பூசாரியிடம் சொல்லிவைத்தால், அவர்களே கழுவிப் பொட்டு வைக்கும் நாளில், பொட்டு வைப்பதற்கு முன் படமெடுக்க விடுவார்கள். எழுத்தில் புதையல் இருக்கும் இடம் சொல்லியிருக்கிறதாம் என்ற பேச்சு இன்னும் சில ஊர்களில் உண்டு. அங்கே சத்தம் போட்டுப் படிக்காமல், இது இறந்தவனின் பெயர் என்று முதலிலேயே சொல்லிவிடுவது கல்லுக்கு நல்லது.

கோயில் கல்வெட்டில் இன்னொரு சங்கடம், திருப்பணியின்போது கற்கள் இடம் மாறியிருப்பது. ஒரு கல்லின் வரி அடுத்த கல்லில் தொடரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் சுவர் முழுவதும் தெரிய ஒரு படம், பிறகு ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேற்படும்படி வரிசையாகப் படங்கள். கல் இணைப்பில் எழுத்து பாதியாக வெட்டுண்டு மறுபாதி எதிரில் இல்லையென்றால், அங்கே வாக்கியத்தைத் தொடராதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் செய்யவேண்டியதை முதலிலேயே செய்தால் பாதி உழைப்பு மிச்சம்: யாராவது முன்பே படித்திருக்கிறார்களா என்று தேடுவது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன. தருமபுரி மாவட்டக் கல்வெட்டுகளை மாநிலத் தொல்லியல் துறை 1970களில் தொகுத்து வெளியிட்டது. தேடும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் தருமபுரி. தருமபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய அறிக்கையில் உங்கள் ஊர் சேலம் மாவட்டத்தின் கீழ், பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கும். கிருஷ்ணகிரி என்று தேடி இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

கணினியில் ஏற்றும்போது எண்களை ௧, ௨, ௰ என்ற தமிழ் எண் குறிகளாகவே இடுங்கள். க, உ, ய என்ற எழுத்துகளால் நிரப்பினால் பின்னால் தேடுபவருக்கு அது எண் என்று தெரியாது. கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் 2014 முதல் தனி இடம் உண்டு. வட்டெழுத்துக்கு இன்னும் இல்லை. இன்றைய தமிழ் எழுத்தில் எழுதி, மூலம் வட்டெழுத்து என்று குறித்துக்கொள்ளவேண்டும்.

நம் மாதிரி வரியின் கடைசிப் பதிவு இப்படி இருக்கும். கல்லில் உள்ளபடி: "யாணடு [௨]௰௧ ஆவது". இன்றைய வடிவில்: "யாண்டு இருபத்தொன்றாவது". குறிப்பில்: முதல் எண் சிதைந்தது, கீழ் விளிம்பில் ஒரு படுக்கைக் கோடு மட்டும் உண்டு, ௩-ஆகவும் இருக்கலாம், ௰௧ தெளிவு, "கருவூரும" தெளிவு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வெளிச்சமிட்டு எடுத்த படங்கள் இணைப்பு. கல் சில்லு பெயர்வதற்கு முன் யாரோ கல்லில் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த பழைய மைப்படி ஒன்று அகப்பட்டு, அதில் ௩ இருந்தால், மாற்றவேண்டியது அந்த அடைப்புக்குள் இருக்கும் ஒரே குறியும் அதைப் பின்பற்றிய சொல்லும்தான்.